ரூபாயில் எண்ணாதீர்கள், செமஸ்டரில் எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். செல்வமகள் திட்டத்தில் மாதம் 5,000 போட ஆரம்பித்திருக்கிறேன். விலைவாசி நாலைந்து சதவீதம்தான் ஏறுகிறது என்கிறார்கள், வட்டியோ 8.2. அப்படியென்றால் லாபம்தானே? ஆனால் ஸ்கூல் ஃபீஸ் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. காலேஜுக்கு இது போதுமா?

பதில்: போதாது. ஆனால் வட்டி குறைவு என்பது அதற்குக் காரணம் இல்லை. இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த நாலைந்து சதவீதத்தை மறந்துவிடுங்கள். அது ஒரு கூடையின் சராசரி. 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் மட்டும் ஏறக்குறைய 46 சதவீத இடம் இருந்தது. கல்விக்கு நாலரை சதவீதம்கூட இல்லை. தக்காளி விலை இறங்கினால் குறியீடு இறங்கும். உங்கள் பெண்ணின் ஃபீஸ் இறங்காது. ஃபீஸ் ஏன் தனியாக ஓடுகிறது என்பதும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் என்பது முப்பது வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஒரு தறியில் நெய்த ஆள் இன்று எட்டுத் தறியைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு டீச்சர் எட்டு வகுப்பில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஆனால் மற்ற வேலைகளில் சம்பளம் ஏறும்போது டீச்சருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஆள் நிற்காது. அந்தச் செலவு நேராக ஃபீஸில் வந்து விழுகிறது. அதற்கு மேல் ஏசி வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று நாமே கேட்டு வாங்குகிற அலங்காரம் வேறு.

சரி, எவ்வளவு வேகம்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கணக்கை எல்லாம் எழுதுகிறவன், என் வீட்டுக் கணக்கில் சறுக்கினேன். என் மகனை 2014-இல் எல்கேஜி சேர்த்தபோது கட்டியது 26,000. 2024-இல் அவன் ஒன்பதாம் வகுப்பு, கட்டியது 98,000. கால்குலேட்டரைத் தட்டினால் வருஷத்துக்கு 14 சதவீத ஏற்றம். பயந்துபோய் ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் அதே வருஷம் என் தம்பி மகளை அதே பள்ளியில் எல்கேஜி சேர்த்தார்கள், அவளுடைய ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: 62,000. அதாவது எல்கேஜிக்கு எல்கேஜி வைத்துப் பார்த்தால் பத்து வருஷத்தில் 26,000 இருந்தது 62,000 ஆகியிருக்கிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 9 சதவீதம். மீதி ஏற்றம் விலை ஏற்றமே இல்லை. பையன் மேல் வகுப்புக்குப் போனதால் வந்தது. லேப் ஃபீஸ், போர்டு எக்ஸாம் வகுப்பு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை.

காலேஜுக்குச் சேமிக்கும்போது நமக்கு வேண்டியது இந்த 9 மாதிரியான எண். அதே கல்லூரி, அதே படிப்பு, இரண்டிலும் முதல் வருஷம், ஐந்தாறு வருஷ இடைவெளியில் இரண்டு ரசீது. உங்கள் பெண் எந்த மாதிரிக் கல்லூரிக்குப் போகலாம் என்று தோராயமாக நினைக்கிறீர்களோ, அங்கே படித்து முடித்த ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் முதல் வருஷ ரசீதையும் இப்போது சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் ரசீதையும் கேளுங்கள். ஒரே ஒரு வருஷத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள், ஏனென்றால் ஃபீஸ் சாய்வுப் பாதையில் ஏறுவதில்லை, படிக்கட்டில் ஏறுகிறது. ஐஐடியில் பிடெக் ஆண்டுக் கட்டணம் 2008-இல் 25,000-இலிருந்து 50,000 ஆனது, 2013-இல் 90,000, 2016-இல் ஒரே தாவலாக 2 லட்சம். அதற்கப்புறம் பல வருஷம் அதே 2 லட்சத்தில் நின்றது. 2015-இல் கணக்குப் போட்டவருக்கும் 2017-இல் கணக்குப் போட்டவருக்கும் கிடைத்த எண் முற்றிலும் வேறு. அங்கே வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பது தனி விஷயம். நான் சொல்ல வந்தது படிக்கட்டைப் பற்றி.

இப்போது உங்கள் 5,000-க்கு வருவோம். மாதம் 5,000 வீதம் 13 வருஷம், வட்டி 8.2-ஆகவே நீடித்தால், பெண் 18 வயதைத் தொடும்போது கணக்கில் சுமார் 13.6 லட்சம் இருக்கும். இந்த வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கப்படுவது, 2020-இலிருந்து 2023 வரை 7.6-இல்தான் கிடந்தது, அதையும் நினைவில் வையுங்கள். 13.6 லட்சம் என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தெரிகிறது. அது எத்தனை ரூபாய் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை செமஸ்டர் என்று பாருங்கள்.

எடைக் கணக்கில் வரவு வைக்கிற நகைச் சீட்டு கட்டியிருப்பீர்கள். மாதாமாதம் கட்டுகிற பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக மாற்றி அட்டையில் எழுதித் தருவார்கள். சீட்டு முடியும்போது எவ்வளவு ரூபாய் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை கிராம் சேர்ந்தது என்றுதான் கேட்பார்கள். அதே கணக்குதான் இங்கேயும். கிராமுக்குப் பதில் செமஸ்டர்.

ஒரு நடுத்தரத் தனியார் பொறியியல் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்றைக்கு வருஷத்துக்கு 3 லட்சம், அதாவது ஒரு செமஸ்டர் 1.5 லட்சம். மொத்தம் எட்டு செமஸ்டர். உங்கள் மனதில் இருக்கும் கல்லூரி வேறாக இருந்தால் இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 9 சதவீதம் ஏறினால் 13 வருஷத்தில் ஒரு செமஸ்டர் 4.6 லட்சம் ஆகும். உங்கள் 13.6 லட்சம் மூன்று செமஸ்டருக்குத்தான் வரும்.

அதிலும் பாதியைத்தான் எடுக்க முடியும். இதை ஏஜென்டுகள் அழுத்திச் சொல்வதில்லை, கணக்கு தொடங்குகிறவர்களும் கேட்பதில்லை. செல்வமகள் கணக்கு முதிர்வது பெண்ணுக்கு 21 வயதாகும்போது இல்லை, கணக்கு தொடங்கி 21 வருஷம் ஆகும்போது. ஐந்து வயதில் தொடங்கினால் அவளுக்கு 26 வயதில். படிப்புக்காக நடுவில் எடுக்க வழி உண்டு: 18 வயது ஆன பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதிலிருந்து, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் அதிகபட்சம் 50 சதவீதம். அதுவும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு மேல் போகாமல், மொத்தமாகவோ வருஷத்துக்கு ஒரு தவணையாக ஐந்து வருஷம் வரையோ. மீதி உள்ளேயே இருக்கும். ஆகவே காலேஜ் கணக்கில் உங்கள் மூன்று செமஸ்டர் ஒன்றரை செமஸ்டர் ஆகிவிடுகிறது.

திட்டம் மோசம் என்று சொல்லவில்லை. வட்டிக்கு வரி இல்லாமல் 8.2 தருகிற பாதுகாப்பான இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அது பெண்ணின் 26 வயதுக்கான திட்டம், 18 வயதுக்குப் பாதி மட்டும் உதவும். அப்படிப் புரிந்துகொண்டு அளவாகப் போடுங்கள். இன்னொன்று, வருஷத்துக்கு 1.5 லட்சம் என்ற உச்சவரம்பு 2015-இல் திட்டம் வந்தபோது இருந்ததுதான், இன்னும் நகரவில்லை. ஃபீஸ் ஏறுகிறது, வரம்பு ஏறவில்லை.

எஃப்டி? 6.5 சதவீத வட்டியில் 20 சதவீத வரி போனால் கையில் நிற்பது 5.2. குழந்தை பெயரில் போட்டாலும் அந்த வட்டி பெற்றோர் வருமானத்தோடுதான் சேரும். 9 சதவீதம் ஏறுகிற ஃபீஸுக்கு எதிரே 5.2-இல் வைத்த பத்து செமஸ்டர், 13 வருஷத்தில் ஆறேகால் செமஸ்டராகச் சுருங்கிப்போகும். ரூபாய் இரட்டிப்பு ஆனதுபோல பாஸ்புக்கில் தெரியும். அப்புறம் குழந்தைகள் பெயரில் விற்கப்படும் இன்சூரன்ஸ் பாலிசிகள். 18 வயதில் 15 லட்சம் என்று அச்சடித்துத் தருவார்கள். அந்த 15 லட்சம் அன்றைய விலையில் மூன்றேகால் செமஸ்டர்தான். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்துக்கு, காப்பீடு மட்டும் தருகிற டேர்ம் இன்சூரன்ஸ் போதும், அது மலிவு. சேமிப்பை அதில் கலக்க வேண்டாம்.

இனி நான் செய்யச் சொல்வது. மாதம் 7,000. அதில் 2,000 செல்வமகளில், 5,000 நிஃப்டி 50 போன்ற பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் தானாகப் போகும் எஸ்ஐபியாக. இரண்டையும் ஒவ்வொரு ஜூனிலும் ஃபீஸ் ஏறுகிற அதே அளவுக்கு, அதாவது 9 சதவீதம், கூட்ட வேண்டும். முக்கியமானது இந்தக் கடைசி வாக்கியம்தான். ஃபண்டில் வரி போக 10 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் (இது என் அனுமானம், யாரும் எழுதித் தர மாட்டார்கள்) 18 வயதில் ஃபண்டில் ஐந்தேகால் செமஸ்டர், செல்வமகளில் எடுக்கக்கூடிய பாதியில் ஒரு செமஸ்டர், ஆக ஆறேகால் கையில் இருக்கும். அதே 7,000-ஐ 13 வருஷமும் கூட்டாமல் கட்டிக்கொண்டே போனால் கிடைப்பது நாலு செமஸ்டர். எந்த ஃபண்ட், எந்த பேங்க் என்று அலசுவதில் மாதக்கணக்காக நேரம் போகிறது. வருஷா வருஷம் தொகையைக் கூட்டுவதில் கிடைக்கிற வித்தியாசம் அதைவிடப் பெரியது.

நகைச் சீட்டு மாதிரியே யோசித்தால் காரணம் விளங்கும். இன்று 7,000 ரூபாய் மாதம் கட்டினால் வருஷத்துக்கு அரை செமஸ்டருக்குக் கொஞ்சம் மேல் வாங்குகிறீர்கள். எட்டு வருஷம் கழித்து ஒரு செமஸ்டர் விலை இரட்டிப்பாகியிருக்கும். அதே 7,000 கால் செமஸ்டர்தான் வாங்கும். 9 சதவீதம் கூட்டினால் 13-ஆம் வருஷத்தில் மாதம் 19,700 கட்டுவீர்கள். இப்போது கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்கும் அது அரை செமஸ்டர்தான்.

எட்டுக்கு ஆறேகால்தானே, மீதி? சேமிப்பை 18 வயதில் நிறுத்தாதீர்கள். எட்டு செமஸ்டருக்கும் ஒரே நாளில் பணம் கட்டப்போவதில்லை, நாலு வருஷத்தில் கட்டப்போகிறோம். பெண் காலேஜில் இருக்கும் அந்த நாலு வருஷமும் அதே மாதத் தொகை, அதே 9 சதவீதக் கூட்டலோடு தொடர்ந்தால், வருஷத்துக்கு அரை செமஸ்டருக்கு மேல் வீதம், இரண்டு செமஸ்டருக்குச் சற்று அதிகமாகவே சேரும். கணக்கு எட்டைத் தாண்டிவிடுகிறது. "18 வயதில் 37 லட்சம் வேண்டும்" என்று பயமுறுத்துகிற கால்குலேட்டர்கள் இதைப் பார்ப்பதில்லை.

உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 9 சதவீதம் ஏறவில்லை என்றால் என்ன? பலருக்கு ஏறாது, ஸ்கூல் ஃபீஸும் அதே பையிலிருந்துதான் போகிறது. அப்போது பேச வேண்டியது ஃபண்டைப் பற்றி இல்லை, பள்ளியைப் பற்றி. வருஷத்துக்கு ஒரு லட்சம் வாங்கும் பள்ளிக்கும் அறுபதாயிரம் வாங்கும் பள்ளிக்கும் இடையே இருக்கும் 40,000, இன்றைய விலையில் கால் செமஸ்டருக்கு மேல். பன்னிரண்டு வகுப்பு முடிவதற்குள் அது மூன்று செமஸ்டர். எந்தப் பள்ளி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. விலை என்ன என்பதை செமஸ்டரில் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள் என்கிறேன். தமிழ்நாட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அக்கம்பக்கத்தில் பேசும்போது இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், கணக்கு சுளிக்காது.

வழியில் தடுக்கி விழுகிற இடங்கள் சில. ஃபண்டைப் பெண் பெயரில் தொடங்காதீர்கள், உங்கள் பெயரிலோ அவள் அம்மா பெயரிலோ இருக்கட்டும். மைனர் பெயரில் இருக்கும் ஃபண்ட் 18 வயது ஆனவுடன் நின்றுவிடும்; அவள் பெயரில் பேன், கேஒய்சி, வங்கிக் கணக்கு எல்லாம் மாற்றிக் கொடுத்த பிறகுதான் எஸ்ஐபியும் போகும், பணமும் வரும். கவுன்சிலிங் முடிந்து ஃபீஸ் கட்டக் கொடுக்கும் ஒரு வார அவகாசத்தில் இந்த வேலை நடக்காது. என் அலுவலகத்துக்கு வரும் ஒருவர், பணம் இருந்தும் முதல் செமஸ்டருக்கு நகையை அடகு வைத்ததை நேரில் பார்த்தேன்.

செல்வமகளில் மாதாமாதம் போடுகிறவர் 5-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருந்த குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்டால் அந்தத் தவணைக்கு ஒரு மாத வட்டி போச்சு.

பெரிய ஆபத்து கடைசி மூன்று வருஷத்தில் இருக்கிறது. 2020 ஜனவரியில் 12,400-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23-இல் 7,600 ஆனது. இரண்டே மாதம். காலேஜுக்காக அந்த மார்ச்சில் பணத்தை எடுக்க வேண்டியிருந்தால், ஐந்து செமஸ்டர் மூன்றாகியிருக்கும். அதற்கப்புறம் சந்தை ஏறியது, சரிதான், ஆனால் கல்லூரி காத்திருக்காது. அதனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் முதல் இரண்டு செமஸ்டருக்கான பணத்தை ஃபண்டிலிருந்து எடுத்து எஃப்டியில் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் அடுத்த இரண்டு. எப்போதும் மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் பங்குச்சந்தையில் இருக்கக் கூடாது. எஃப்டி ஃபீஸைவிட மெதுவாக ஓடும், வருஷத்துக்கு மூன்றரை சதவீதம் போல நஷ்டம். அதை நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்க மனசே வராது. அப்போதுதான் எடுக்க வேண்டும். இப்படி வருஷத்துக்குக் கொஞ்சமாக எடுப்பதில் வரியிலும் ஒரு வசதி: பங்கு ஃபண்டில் நீண்டகால லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். ஒரே வருஷத்தில் மொத்தமாக விற்றால் அந்த விலக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். நாலைந்து வருஷத்தில் பிரித்து விற்றால் நாலைந்து தடவை.

ஒரு பழைய டைரி எடுத்து, ஜூன் மாதப் பக்கத்தில் மூன்றே வரி எழுதுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் கல்லூரியில் இந்த வருஷம் ஒரு செமஸ்டர் எவ்வளவு. கையில் எவ்வளவு இருக்கிறது, செல்வமகளைப் பாதியாகப் போட்டு. வகுத்தால் எத்தனை செமஸ்டர். போன ஜூனைவிட ஏறக்குறைய அரை செமஸ்டர் கூடியிருந்தால் டைரியை மூடிவிடலாம். கூடவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று: ஃபீஸ் ஒரு படி தாவியிருக்கும், அல்லது சந்தை விழுந்திருக்கும். சந்தை விழுந்திருந்தால், பெண் எட்டாவதுக்குக் கீழே இருக்கும்வரை எதையும் தொடாதீர்கள். ஃபீஸ் தாவியிருந்தால் அந்த வருஷம் மட்டும் 9-க்குப் பதில் 12, 13 சதவீதம் கூட்டுங்கள்.

உங்களிடம் இப்போது 5,000-தான் முடியும் என்றால், செல்வமகளை 1,500-ஆகக் குறைத்து 3,500-ஐ ஃபண்டில் போட்டு ஆரம்பியுங்கள். செல்வமகளில் வருஷத்துக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், குறைப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மீதி 2,000-ஐ அடுத்த இன்க்ரிமென்ட் வரும் மாதத்தில் சேர்த்துவிடுங்கள்.